தடுப்பூசியும் மாதவிடாய்க் கணக்கும்

2021ஆம் ஆண்டின் முற்பகுதியில், கொரோனாத் தடுப்பூசி உலகின் பல நாடுகளிலும் இடப்பட்டுக்கொண்டிருந்த காலை, பெண்களிடையே ஒரு பேச்சு மெல்ல எழுந்தது. ஊசி போட்டுக்கொண்ட மாதத்தில் விலக்கு நாள் தள்ளிப் போயிற்று என்றாள் ஒருத்தி. வழக்கத்தினும் மிகுதியாக இரத்தம் போயிற்று என்றாள் மற்றொருத்தி. ஊசி போடும் நிலையங்களிற் கொடுக்கப்பட்ட துண்டுத்தாளில் காய்ச்சல், உடம்பு நோவு, தலைவலி என்பன எழுதப்பட்டிருந்தன. மாதவிடாயைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. வைத்தியரிடம் வினவியோருக்கு, மனக்கலக்கத்தால் நேர்ந்திருக்கும் என்ற மறுமொழியே பல இடங்களிற் கிடைத்தது.

துண்டுத்தாளில் அது இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. தடுப்பூசிகளைப் பரிசோதித்த பெரும் ஆய்வுகளில், ஊசி போட்டுக்கொண்டோரிடம் காய்ச்சல் உண்டா, கை வீங்கிற்றா என்றெல்லாம் நாள்தோறும் வினவிக் குறித்தனர். மாதவிடாயைப் பற்றி அவ்வாறு முறையாக வினவவில்லை. வினவாத கேள்விக்கு விடை கிடைப்பதில்லை அன்றோ?

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயிற்றும் பேராசிரியை கேட் கிளான்சி என்பவர், தாம் ஊசி போட்டுக்கொண்டபின் விலக்குக் காலத்தில் இரத்தப்போக்கு மிகுந்தமையைக் கண்டு, 2021 பெப்ரவரியில் அதனைப் பகிரங்கமாக எழுதினார். எமக்கும் அவ்வாறே நேர்ந்தது என்று பெண்கள் பலர் பதில் எழுதினர். அவரும் கதரின் லீ என்ற ஆய்வாளரும் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து விடைகளைத் திரட்டினர். முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அளித்த விடைகள் 2022இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தன. ஒழுங்கான மாதவிடாய் உடையோருள் நூற்றுக்கு 42 பேர் இரத்தப்போக்கு மிகுந்தது என்றனர். 44 பேர் மாற்றம் இல்லை என்றனர்.

42 என்ற அந்த எண்ணைக் கேட்டு அஞ்சுவதற்கு முன்னர், அது எப்படிப் பெறப்பட்டது என்பதை நோக்க வேண்டும். மாற்றம் கண்டவளே வினாக்கொத்தைத் தேடிச்சென்று நிரப்புவாள். மாற்றம் காணாதவளுக்கு அதிற் சிரத்தை குறைவு. ஆகவே ஊசி போட்ட பெண்கள் எல்லோருள்ளும் நூற்றுக்கு 42 பேர் என்று இதனைக் கொள்ளக்கூடாது என அவ்வாய்வாளரே எச்சரித்துள்ளனர். பெண்கள் சொல்வதில் உண்மை உண்டு என்பதை அவ்வாய்வு காட்டிற்று. எவ்வளவு மாற்றம், எத்தனை மாதத்துக்கு என்று அளந்து சொல்ல வேறு வகையான ஆய்வு வேண்டியிருந்தது.

அவ்வாய்வைச் செய்தவர் ஒறிகன் சுகாதார அறிவியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் எடெல்மன் என்ற பெண் வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஆவர். அவர்கள் கையாண்ட முறை எளியது, ஆயினும் கூர்மையானது. விலக்கு நாட்களைக் கைத்தொலைபேசியில் உள்ள ஒரு செயலியில் மாதந்தோறும் பதிந்துவரும் பெண்கள் பல்லாயிரம் பேர் உளர். அவர்கள் அப்பதிவுகளை ஊசியை எண்ணிச் செய்தவர்கள் அல்லர். ஊசி வருமுன்பே பதிந்து வந்தவர்கள். எனவே நினைவுத் தவறோ, பின்னர் எழுந்த அச்சமோ அக்கணக்கிற் புகுவதற்கு இடம் குறைவு. ஒவ்வொரு பெண்ணின் பதிவிலும் ஊசிக்கு முந்திய மூன்று சுற்றுக்களையும், ஊசி போட்ட சுற்றையும் அதனை அடுத்தவற்றையும் எடுத்து ஒப்பிட்டனர். அதே காலத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத பெண்களின் ஆறு சுற்றுக்களையும் அவ்வாறே எடுத்துப் பக்கத்தில் வைத்தனர்.

ஊசி போடாதோரின் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். எந்தப் பெண்ணுக்கும் விலக்கு நாள் மாதந்தோறும் கடிகாரம் போல் வருவதில்லை. பரீட்சை, பயணம், காய்ச்சல், தூக்கமின்மை என ஏதாவது ஒன்றால் சில நாட்கள் முன்பின் ஆவது இயல்பு. ஊசி போடாதவளுக்கும் மாறும் எனில், ஊசி போட்டவளுக்கு மாறியது முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதலாகாது. இரண்டையும் ஒப்பிட்டு மிகுதியாக நிற்பது எதுவோ அதனையே ஊசிக்கு உரியது எனல் வேண்டும்.

முதல் முடிவுகள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. அவை அமெரிக்கப் பெண்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேரைப் பற்றியன. அவ்வாண்டு செப்டெம்பரில், பல நாடுகளைச் சேர்ந்த 19,622 பேரின் கணக்கு வெளிவந்தது. இரண்டும் ஒரே விடையைத் தந்தன. ஊசி போட்ட சுற்று சராசரியாக ஒரு நாளிலும் குறைவாகவே நீண்டது. முதலாம் ஊசிக்குப் பின் நீட்சி ஒரு நாளில் ஏறத்தாழ முக்காற் பங்கு. இரண்டாம் ஊசிக்குப் பின் அரை நாளுக்குச் சற்று மேல். இரத்தம் போகும் நாட்களின் தொகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அடுத்த சுற்றில் பெரும்பாலோர்க்குப் பழைய கணக்கே திரும்பியது.

ஒரு சாராருக்கு மட்டும் மாற்றம் சற்றுப் பெரிதாயிருந்தது. மூன்று கிழமை இடைவெளியில் இரு ஊசிகளையும் ஒரே சுற்றுக்குள் போட்டுக்கொண்டவர்களே அவர்கள். அவர்களுடைய சுற்று சராசரியாக ஏறத்தாழ நான்கு நாட்கள் நீண்டது. அவர்களுக்கும் அது அடுத்துவந்த சுற்றுக்களிற் சீரடைந்தது.

சராசரி என்பது பலரை ஒன்றாகக் கலந்து வரும் எண். ஒருத்திக்கு ஒன்றும் நேராதிருக்கலாம். மற்றொருத்திக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருக்கலாம். ஆகவே எட்டு நாட்களோ அதற்கு மேலோ மாற்றம் கண்டோர் எத்தனை பேர் என்பதையும் ஆய்வாளர் தனியே எண்ணினர். எட்டு நாட்களுக்கு உட்பட்ட ஏற்றத்தாழ்வை மருத்துவர் பொதுவாக இயல்பு என்பர். அத்தகைய பெரிய மாற்றம் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 6.2 பேருக்கு நேர்ந்தது. ஊசி போடாதவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்கு நேர்ந்தது. நூறு பேரில் ஆறு பேருக்குப் பெரிய மாற்றம் எனில், அவருள் ஐவருக்கு ஊசி இல்லாவிடினும் அது நேர்ந்திருக்கும் என்பதே இதன் பொருள். ஒப்பிடுவதற்கு மற்றொரு கூட்டம் இல்லாதிருந்தால் அந்த ஆறு பேரும் ஊசியையே குற்றம் சாட்டியிருப்பர்.

இரத்தப்போக்கின் அளவு, நாட்கணக்கைப் போல அத்துணை எளிதாக அளக்கக்கூடியதன்று. நோர்வே நாட்டில் 18 முதல் 30 வயது வரையான பெண்களை வினவிய ஓர் ஆய்வில், முதலாம் ஊசிக்கு முந்திய விலக்கில் வழக்கத்தினும் மிகுந்த போக்கு இருந்தது என்றோர் நூற்றுக்கு 7.6 பேர், ஊசிக்குப் பிந்திய விலக்கில் 13.6 பேர். முந்திய எண்ணும் சூனியம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மருந்துகள் முகவராண்மையின் பாதுகாப்புக் குழு 2022 அக்டோபரில், பைசர், மொடேர்னா ஆகிய இரு ஊசிகளின் குறிப்புத்தாளில் மிகையான மாதவிடாய்ப் போக்கு என்பதையும் பக்கவிளைவாகச் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. துண்டுத்தாளில் இல்லாதிருந்த சொல் அவ்வாறு அதில் ஏறிற்று. அது கூறப்பட்டோரிற் பெரும்பாலோர்க்குக் கடுமையற்றதாகவும் தற்காலிகமாகவும் இருந்தது என்பதையும் அக்குழு தெரிவித்தது.

இனி, கையில் இட்ட ஊசி கருப்பையின் கணக்கை எவ்வாறு மாற்றும் என்ற வினா எழும். மாதவிடாய்ச் சுற்று இரு பாகங்களை உடையது. விலக்கின் முதல் நாள் தொடங்கி, சூலகத்தில் ஒரு சூல் முதிர்ந்து வெளிப்படும் வரை உள்ளது முற்பாகம். சூல் வெளிப்பட்டதிலிருந்து அடுத்த விலக்கு வரை உள்ளது பிற்பாகம். பிற்பாகம் ஏறத்தாழ இரண்டு கிழமை. அது அதிகம் மாறுவதில்லை. முற்பாகமே நீளவும் குறுகவும் கூடியது. மூளையின் அடிப்பாகமும் அதன் கீழுள்ள கபச் சுரப்பியும் அனுப்பும் ஓமோன்களின் கட்டளைப்படி சூல் முதிர்கின்றது. தடுப்பூசி உடலின் நோயெதிர்ப்புச் சக்தியை இரண்டொரு நாள் விழிப்பூட்டும்போது இரத்தத்தில் ஓடும் சமிக்ஞைப் பொருட்கள் அக்கட்டளைகளைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன என்று கருதப்படுகின்றது. சூல் ஒரு நாள் பிந்தி வெளிப்பட்டால் விலக்கும் ஒரு நாள் பிந்தும். கடுங் காய்ச்சல் வந்த மாதத்தில் விலக்கு தள்ளிப் போவதற்கும் இத்தகைய காரணமே கூறுவர்.

இவ்விளக்கம் மெய்யாயின், சூல் வெளிப்பட்டபின் ஊசி போட்டுக்கொண்டவளுக்கு அந்தச் சுற்றில் தாமதம் இருக்கக்கூடாது. எடெல்மன் குழுவினர் இதனையும் சோதித்தனர். 2024இல் வெளிவந்த அவர்களது கணக்கின்படி, முற்பாகத்தில் ஊசி பெற்றவர்களுக்குச் சுற்று சராசரியாக ஒரு நாள் நீண்டது. பிற்பாகத்தில் பெற்றவர்களுக்கு நீளவில்லை. விளக்கமும் கணக்கும் ஒன்றுக்கொன்று துணை நின்றன.

இதனை ஒரு பெண்ணின் குறிப்புப் புத்தகத்தில் வைத்துப் பார்க்கலாம். அவளுடைய கடந்த மூன்று சுற்றுக்கள் முறையே 28, 30, 29 நாட்கள் என்று கொள்க. சராசரி 29. மார்ச் 3ஆம் திகதி அவளுக்கு விலக்கு வந்தது. அதுவே முதலாம் நாள். விலக்கு முடிந்த நாளிலிருந்து எண்ணுவோர் பலர்; அது தவறு. இரத்தம் தொடங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். மார்ச் 12ஆம் திகதி, அதாவது பத்தாம் நாள், அவள் ஊசி போட்டுக்கொள்கிறாள். சூல் இன்னும் வெளிப்படவில்லை. வழக்கப்படி ஏப்ரல் முதலாம் திகதி வரவேண்டிய விலக்கு ஏப்ரல் 4ஆம் திகதி வருகின்றது. இச்சுற்று 32 நாட்கள்; மூன்று நாள் தாமதம். அடுத்த விலக்கு மே 3ஆம் திகதி வருகின்றது. அச்சுற்று 29 நாட்கள், பழைய கணக்கு. இவள் வைத்தியரிடம் ஓடவேண்டியதில்லை. புத்தகத்தில் ஊசி போட்ட திகதியையும் எழுதிவைத்தாற் போதும்.

இதே பெண்ணுக்கு ஏப்ரல் 4ஆம் திகதியும் விலக்கு வரவில்லை, 10ஆம் திகதியும் வரவில்லை என்று கொண்டால் நிலைமை வேறு. அவள் மணமானவளாயின், அல்லது கருத்தரிக்கக்கூடிய வாய்ப்பு எவ்வகையிலேனும் இருப்பின், முதலிற் செய்யவேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. ஊசியால் தள்ளிப் போயிற்று என்று எண்ணிக் காலம் கடத்தினால், கர்ப்பம் தரித்திருப்பதை அறியாமலே இரண்டு மாதம் கழிந்துவிடும். நாள் தள்ளிய நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியோ, மயக்கமோ, தோள் நோவோ தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருப்பதன் அறிகுறி அதுவாகலாம். அது உயிருக்கு ஆபத்தானது.

அந்த ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு. செயலியைப் பயன்படுத்திய பெண்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரித்தானியா, ஐரோப்பா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். ஓமோன் மாத்திரையோ கருத்தடை ஊசியோ பயன்படுத்தாதவர்கள். அன்றியும், அமெரிக்க ஆய்வில் 24 முதல் 38 நாட்களுக்குட்பட்ட ஒழுங்கான சுற்று உடையவர்களே சேர்க்கப்பட்டனர். சூலகக் கட்டிகளாலோ தைரொயிட்டு நோயாலோ ஏற்கனவே விலக்கு ஒழுங்கற்றவளுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்துதல் கூடாது. ஊசியின் இனம் பற்றி மட்டும் ஒரு செய்தி சொல்லத்தக்கது. 2021இல் இலங்கையிற் பெருந்தொகையானோருக்கு இடப்பட்ட சினோபாம், செயலிழந்த வைரசைக் கொண்டு ஆக்கப்பட்டது. பல நாட்டுக் கணக்கில் அவ்வினத்து ஊசி பெற்றோரும் சிலர் இருந்தனர். இனத்துக்கு இனம் நாட்கணக்கில் வேறுபாடு காணப்படவில்லை.

பிள்ளைப்பேற்றுக்குக் கேடு வருமோ என்ற அச்சமே பல குடும்பங்களில் மேலோங்கி நின்றது. தாயொருத்தி தன் மகளை ஊசி போட விடாது தடுத்தமைக்கும் அதுவே காரணமாயிருந்தது. விலக்கு ஒரு நாள் தள்ளுவது வேறு. கருத்தரிக்கும் ஆற்றல் குன்றுவது வேறு. பொஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், பிள்ளை வேண்டி முயன்றுகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தம்பதிகளை எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை வினவிப் பின்தொடர்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். மனைவியோ கணவனோ ஊசி போட்டுக்கொண்டமையால் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறையவில்லை. கொரோனா நோய் கண்ட ஆண்களிடத்திலேதான் சிறிது காலத்துக்கு அவ்வாய்ப்புக் குறைந்திருந்தது.

ஊசிக்குப் பின் தோன்றும் மாற்றம் சிறியது, ஓரிரு சுற்றில் மறைவது என்பதே ஆய்வுகளின் தீர்ப்பு. இத்தீர்ப்பிலிருந்து இன்னொன்றும் தானாகப் பெறப்படுகின்றது. சிறியதல்லாத மாற்றமும், மறையாத மாற்றமும் ஊசியினால் வந்தவை என்று கொள்ளத்தக்கனவல்ல. அவற்றுக்கு வேறு காரணம் தேடவேண்டும். ஊசி போட்ட மாதத்தில் வேறொரு நோயும் தொடங்கலாம். எல்லாப் பழியையும் ஊசிமேற் சுமத்திவிட்டு வீட்டில் இருப்பவளின் நோய் உள்ளேயே வளரும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, விலக்கு நின்றுபோன பெண். ஐம்பத்தைந்து வயது, விலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆயின. ஊசி போட்டு இரண்டு கிழமைக்குப் பின் உடையிற் சிறிது இரத்தக்கறை காண்கிறாள். வலி இல்லை. ஊசிச் சூடு என்று அயலவர் சொல்கின்றனர், இவளும் அமைகிறாள். ஊசிக்குப் பின் இவ்வயதினரிலும் இரத்தம் கண்டோர் உண்டு என்பதைக் கிளான்சியின் வினாக்கொத்தே காட்டியுள்ளது. ஆயினும், விலக்கு நின்று பன்னிரண்டு மாதங்கள் கழிந்தபின் காணும் இரத்தம், ஒரு துளியாயினும், ஒரு தடவையாயினும், பரிசோதிக்கப்படவே வேண்டும். அவ்வாறு இரத்தம் கண்டு வருவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்படுகின்றது. மற்றைத் தொண்ணூறு பேருக்கும் காரணம் எளியதாகவே இருக்கும். அந்த ஒன்பது பேருள் தான் ஒருத்தியா என்பதை வீட்டில் இருந்து அறிய முடியாது. இரத்தம் கண்டவுடன் வருபவளுக்கு நோய் பெரும்பாலும் தொடக்கநிலையிலேயே பிடிபடும்; அந்நிலையில் சத்திரசிகிச்சையால் குணமாவோர் மிகப் பலர்.

விலக்கு வரும் வயதினரும் சில அடையாளங்களை மனத்திற் கொள்ளுதல் நன்று. மணிக்கு ஒரு தடவையோ இரண்டு மணிக்கு ஒரு தடவையோ அணையாடை முழுவதும் நனைந்து மாற்ற நேர்வது, அதுவும் பல மணி நேரம் தொடர்வது, மிகையான போக்கு ஆகும். ஓரங்குலத்தினும் பெரிய இரத்தக்கட்டிகள் விழுவதும், எட்டு நாட்களுக்கு மேல் நீடிப்பதும் அத்தகையனவே. இவற்றோடு தலைச்சுற்று, படியேறும்போது மூச்சுவாங்கல், நெஞ்சு படபடப்பு ஆகியவை சேர்ந்தால் இரத்தச்சோகை உண்டாகியிருக்கலாம். அன்றே வைத்தியரைக் காணுதல் வேண்டும். விலக்குக்கு இடையிலும் உடலுறவின் பின்பும் இரத்தம் காண்பது, மூன்று சுற்றுக்கள் கடந்தும் ஒழுங்கு திரும்பாமை, கர்ப்பம் இல்லாதிருந்தும் மூன்று மாதம் விலக்கு வராமை ஆகியனவும் காட்டவேண்டியவையே. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அவ்வளவு காலம் காத்திராது, போக்கு மிகுந்தவுடனே தமது வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

இவற்றைச் சொல்வதற்கு அயலூர் தேடிப் போக வேண்டியதில்லை. ஊருக்கு வரும் குடும்பநல மருத்துவமாதிடம் முதலிற் கூறலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் செல்லலாம். செல்லும்போது குறிப்புப் புத்தகத்தைக் கையோடு கொண்டுசெல்லுதல் நல்லது. ‘கொஞ்ச நாளாகவே சரியில்லை’ என்பவளிடம் வைத்தியர் பத்துக் கேள்வி கேட்க நேரும். ‘மார்ச் 3, ஏப்ரல் 4, மே 3, ஊசி மார்ச் 12’ என்று ஏட்டை விரிப்பவளிடம் கேட்கவேண்டியது அதிகம் இராது. அந்த நான்கு திகதிகளிலேயே பாதி விடை இருக்கும்.

பல்லாயிரம் பெண்கள் தத்தம் நாட்களைப் பிழையின்றிக் குறித்து வந்தமையாலேயே ஆய்வாளர் ஒரு நாளிலும் சிறிய மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. கூரிய பென்சிலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் கொண்டு எந்த வீட்டிலும் அதே கணக்கை எழுதலாம். அடுத்த ஊசி எதுவாயினும், அது போடப்படும் நாளில் அந்நாட்காட்டியில் ஒரு சிறு புள்ளி இட்டுவைக்கும் பெண், பின்னர் நேரும் மாற்றம் காத்திருக்கத்தக்கதா, காட்டத்தக்கதா என்பதைத் தானே அறிந்துகொள்வாள்.